வட்டி மானியமா, வருமானத்தோடு இணைந்த தவணையா? ஒன்றைத்தான் கேட்க முடியும் என்றால்?

செம்பருத்தி

குறைந்த வருமானக் குடும்பங்களிலிருந்து படிக்க வரும் மாணவர்களின் கல்விக் கடன் குறித்து எங்கள் குழு ஒரு கோரிக்கை மனு தயாரிக்கிறது. இரண்டு பக்க மனு. முதன்மைக் கோரிக்கை ஒன்றுதான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டோம், பத்துக் கோரிக்கை வைத்தால் ஒன்றையும் படிக்க மாட்டார்கள்.

குழுவில் பாதிப் பேர், படிக்கும் காலத்து வட்டி முழுவதையும் அரசே ஏற்க வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், வேலை கிடைத்த பின் சம்பளத்தில் ஒரு பங்கை மட்டும் பிடிக்கும் முறை வேண்டும் என்கிறார்கள். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. எதை முன்னே வைப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அரைக்காசு

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? வட்டிதான் ஏழையைக் கொல்கிறது. அசலை யாராவது அடைத்துவிடுவார்கள், வட்டியை அடைக்க முடியாது. நியூசிலாந்தில் 2006 முதல் நாட்டுக்குள் வசிக்கும் கடனாளர்களுக்கு வட்டியே இல்லை. அதைக் கேளுங்கள். சம்பளத்தில் பங்கு பிடிப்பது என்பது வாழ்நாள் வரி. ஏழைப் பிள்ளை ஏன் வாழ்நாள் முழுக்க வரி கட்ட வேண்டும்?

கடலோடி

கடனே வேண்டாம், கல்வி உதவித்தொகை கொடுங்கள் என்று கேட்கலாமே. என் தங்கை மகளுக்கு முழு உதவித்தொகை கிடைத்தது, ஒரு காசு கடன் இல்லை. விண்ணப்பிக்கும் முறை யாருக்காவது வேண்டுமென்றால் சொல்கிறேன்.

செம்பருத்தி

நன்றி கடலோடி. ஆனால் இந்த மனு, உதவித்தொகை கிடைக்காமல் ஏற்கெனவே கடன் வாங்கியவர்களையும் வாங்கப் போகிறவர்களையும் பற்றியது.

நிலுவை

அரைக்காசு சொன்ன நியூசிலாந்து எடுத்துக்காட்டில் ஒரு பாதி விடுபட்டுவிட்டது. அங்கே வட்டி இல்லை என்பது உண்மை. அதே நாட்டில் தவணை, சம்பளத்தோடு இணைந்தது என்பதும் உண்மை. ஒரு வரம்புக்கு மேல் சம்பாதிக்கும் தொகையில் 12 சதவீதம் பிடிக்கப்படுகிறது. ஆகவே அது வட்டியில்லாக் கடனுக்கு மட்டுமான எடுத்துக்காட்டு அல்ல.

செம்பருத்தி, உங்கள் கேள்விக்கு நேரான பதில் கிடைக்காததற்குக் காரணம் உண்டு. வட்டி மானியத்தின் மதிப்பு, அந்தக் கடன் எப்படித் திருப்பிச் செலுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நிலையான தவணைக் கடனில் அது ஒருவருக்குப் போகிறது. வருமானத்தோடு இணைந்த கடனில் வேறொருவருக்குப் போகிறது. நான் கல்விக் கடன் பிரிவில் பல ஆண்டுகள் இருந்தவன். இதை ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறேன். எந்த நாட்டு நாணயமும் வேண்டாம், மொத்தக் கடன் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு ஆண்டுப் படிப்பு. ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் 25 வழங்கப்படுகிறது. படிப்பு முடிந்து ஓர் ஆண்டு வரை தவணை கிடையாது. வட்டி 6 சதவீதம், இந்தக் காலத்துக்குத் தனிவட்டி. முதல் 25-க்கு ஐந்து ஆண்டு வட்டி ஓடும், கடைசி 25-க்கு இரண்டு ஆண்டு. எல்லாம் சேர்த்தால் 21. மானியம் இல்லாதவர் தவணை தொடங்கும் நாளில் 121 பாக்கி வைத்திருப்பார். மானியம் பெற்றவர் 100 மட்டும்.

இப்போது நிலையான தவணை, பத்து ஆண்டு. மானியம் பெற்றவர் ஆண்டுக்கு 13.6 கட்ட வேண்டும். பெறாதவர் 16.4. சம்பளம் எவ்வளவாக இருந்தாலும் இந்தத் தொகை மாறாது. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஆண்டுச் சம்பளம் 60, இன்னொருவருக்கு 200. மானியம் இருந்தும்கூட முதலாமவர் சம்பளத்தில் ஏறத்தாழ 23 சதவீதத்தைத் தவணைக்குக் கொடுக்கிறார். மானியம் இல்லையென்றால் 27 சதவீதம். இரண்டாமவருக்கு முறையே 7, 8 சதவீதம். அதாவது நிலையான தவணையில் மானியம் இருவரின் சுமையையும் ஒரே அளவு குறைக்கிறது. ஆனால் 60 சம்பளக்காரரை அது காப்பாற்றவில்லை. 27 கட்ட முடியாதவரால் 23-ம் கட்ட முடியாது.

அடுத்து வருமானத்தோடு இணைந்த முறை. வரம்பு 40, அதற்கு மேல் உள்ளதில் 10 சதவீதம், 25 ஆண்டில் மீதி தள்ளுபடி. முதலாமவர் ஆண்டுக்கு 2 கட்டுவார். 100 பாக்கிக்கு வட்டியே 6. கடன் தீராது. 25 ஆண்டில் 50 கட்டிவிட்டு விடுபடுவார். பாக்கி 100-ல் தொடங்கினாலும் 121-ல் தொடங்கினாலும் அவர் கட்டுவது அதே 50. மானியத்தால் அவருக்கு ஒரு காசும் மிச்சமில்லை.

இரண்டாமவர் ஆண்டுக்கு 16 கட்டுவார். 100 பாக்கி எட்டு ஆண்டில் தீரும், மொத்தம் சுமார் 129. பாக்கி 121 என்றால் பத்தரை ஆண்டு, மொத்தம் சுமார் 166. மானியத்தால் அவருக்கு 37 மிச்சம். ஏழைக்கென்று கொடுத்த மானியம், வரம்புக்கு வெகு மேலே சம்பாதிப்பவர் பையில் போய் விழுந்தது.

அரைக்காசு

அந்த இரண்டாமவரும் ஏழைக் குடும்பத்துப் பிள்ளைதானே? மானியம் குடும்ப வருமானம் பார்த்துத்தானே கொடுக்கிறார்கள்? படித்து முன்னேறியவருக்கு அது போனால் என்ன தவறு?

நிலுவை

தவறு இல்லை. ஆனால் மனுவில் நீங்கள் யாருக்காகப் பேசுகிறீர்கள் என்பதை முடிவு செய்ய வேண்டும். வட்டி மானியம், பதினேழு வயதில் அப்பாவின் வருமானச் சான்றிதழைப் பார்க்கிறது. வருமானத்தோடு இணைந்த தவணை, இருபத்தைந்து வயதில் அந்தப் பிள்ளையின் சம்பளச் சீட்டைப் பார்க்கிறது. கடன் கட்ட முடியாமல் திணறுபவரை அடையாளம் காட்டுவது இரண்டாவது தாள்தான்.

மழைக்காடு

என் கதையைச் சொல்கிறேன், கணக்குக்கு உதவுமோ தெரியாது. நான் நிலையான தவணையில் வாங்கினேன். வட்டி மானியத்துக்குத் தகுதி இருந்தது. ஆனால் மானியத் தொகை வங்கிக்கு வந்து சேரும்வரை என் கணக்கில் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. வந்தபின் கழித்தார்கள். ஓர் ஆண்டுக்கான தொகை மட்டும் வரவே இல்லை, காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் இன்னொருவரைக் கைகாட்டினார்கள். அந்த வட்டி அசலோடு சேர்ந்துவிட்டது.

அது கூடப் பரவாயில்லை. படிப்பு முடிந்து வேலை கிடைக்கப் பதினாறு மாதம் ஆனது. தவணை அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்பா இணைக் கடனாளர். தவணை தவறியதும் தொலைபேசி அவருக்குத்தான் வந்தது. அவர் வேறொரு சிறு கடன் கேட்டபோது இந்தக் கடன் நிலுவையைக் காட்டி மறுத்துவிட்டார்கள். வட்டி குறைந்ததா கூடியதா என்று எங்கள் வீட்டில் யாரும் பேசவில்லை. அந்த மாதம் எதை வைத்துக் கட்டுவது என்றுதான் பேசினோம்.

செம்பருத்தி

மழைக்காடு, ஒன்று கேட்கலாமா? அந்தப் பதினாறு மாதத்தில் தவணையைத் தள்ளி வைக்கும்படி எழுதிக் கேட்டீர்களா?

மழைக்காடு

கேட்டேன் சகோதரி. கடனின் காலத்தை நீட்டித் தந்தார்கள், தவணை குறைந்தது. ஆனால் அதற்குள் மூன்று மாதம் கடந்துவிட்டதால் கணக்கு வாராக்கடன் பட்டியலுக்குப் போயிருந்தது.

நிலுவை

இங்கே இரண்டு பேருக்குப் பயன்படும் ஒரு நடைமுறைக் குறிப்பு. மானியக் கடன் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது கணக்கு அறிக்கை வாங்கி, வட்டி பற்று வைக்கப்பட்ட வரிகளையும் மானியம் வரவு வைக்கப்பட்ட வரிகளையும் எதிரெதிரே வைத்துப் பாருங்கள். ஓர் ஆண்டுக்கு வரவு இல்லையென்றால் அந்த ஆண்டிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். தவணை தொடங்கும் நாளில் விடுபட்ட வட்டியெல்லாம் அசலோடு சேர்ந்துவிடும். பிறகு வட்டிக்கு வட்டி.

காலத்தை நீட்டுவதைப் பற்றியும் ஒரு சொல். என் கணக்கில் பத்து ஆண்டைப் பதினைந்தாக்கினால் தவணை 13.6-லிருந்து 10.3 ஆகும். 60 சம்பளக்காரருக்கு 17 சதவீதம், கொஞ்சம் மூச்சு விடலாம். மொத்தத்தில் 136-க்குப் பதில் 154 கட்டுவார். ஆனால் வேலை இல்லாத ஆண்டில் 10.3-ம் கட்ட முடியாத தொகைதான்.

தராசு

நிலுவை ஐயாவின் கணக்கு சரி. ஆனால் அதில் சம்பளம் 25 ஆண்டும் அப்படியே நிற்கிறது. யாருக்கு அப்படி நிற்கும்? 60-ல் தொடங்கியவர் பத்தாம் ஆண்டில் 130-க்குப் போகலாம். அப்போது ஆண்டுக்கு 9 கட்டுவார். அந்தக் கட்டத்தில் பாக்கி எவ்வளவு என்பது அவருக்கு முக்கியம். இருபத்தைந்தாம் ஆண்டுக்குள் கடனைத் தீர்த்துவிடக்கூடிய விளிம்பில் நிற்பவர்களுக்கு மானியம் நிச்சயம் பயன்படும். ‘ஏழைக்கு ஒரு காசும் மிச்சமில்லை’ என்பது விளிம்புக்குக் கீழேயே தங்கிவிடுபவருக்கு மட்டுந்தான் பொருந்தும்.

இன்னொன்று. பாக்கி 121 ஆகி 140 ஆகி 160 ஆவதைப் பார்த்துக்கொண்டிருப்பது சாதாரண விஷயமல்ல. தள்ளுபடி வரும் என்று தெரிந்தாலும் ஆண்டுதோறும் அறிக்கையில் எண் ஏறுவதைக் கண்டு மேற்படிப்பைக் கைவிட்டவர்களை அறிவேன். அந்த அச்சத்தால் கடனே வாங்காமல் விடுபவர்களும் பெரும்பாலும் ஏழைக் குடும்பத்தவர்கள்தான்.

நிலுவை

விளிம்பில் இருப்பவர்கள் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன். அவர்கள் எத்தனை பேர் என்பது வரம்பையும் தள்ளுபடி ஆண்டையும் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அதனால்தான் நான் வட்டியை விட்டு அந்த இரண்டு எண்களைப் பார்க்கச் சொல்கிறேன். என் கணக்கிலேயே வரம்பை 40-லிருந்து 50 ஆக்கினால் 60 சம்பளக்காரர் கட்டுவது 2-லிருந்து 1 ஆகிவிடுகிறது. பாதி! எந்த வட்டி மானியமும் அவருக்கு அதைச் செய்யாது.

இங்கிலாந்தில் இது நடந்தே இருக்கிறது. 2023 ஆகஸ்டு முதல் படிப்பில் சேர்ந்தவர்களுக்குப் புதிய கடன் திட்டம் வந்தது. பழைய திட்டத்தில் வட்டி, சில்லறை விலைவாசி உயர்வுக்கு மேல் 3 சதவீதம் வரை போகும். புதியதில் விலைவாசி உயர்வு அளவுக்கு மட்டும். செய்தியில் ‘வட்டிக் குறைப்பு’ என்று படித்தால் மகிழ்ச்சியாக இருக்கும். கூடவே வரம்பு, அப்போது பழைய திட்டத்தில் இருந்த 27,295 பவுண்டிலிருந்து 25,000-க்கு இறங்கியது. தள்ளுபடி 30 ஆண்டிலிருந்து 40-க்குப் போனது. ஆண்டுக்கு 30,000 பவுண்டு வாங்குபவரைப் பாருங்கள். வரம்புக்கு மேல் 9 சதவீதம். பழைய வரம்பில் 243 பவுண்டு, புதியதில் 450 பவுண்டு, அதுவும் பத்து ஆண்டு கூடுதலாக. வட்டி குறைந்தது, நடுத்தரத்துக்குக் கீழே சம்பாதிப்பவர் கட்டுவது கூடியது. நன்றாகச் சம்பாதித்து விரைவில் முடிப்பவர் கட்டுவது குறைந்தது.

அரைக்காசு

அப்படியென்றால் வட்டியையும் குறைத்து வரம்பையும் ஏற்றச் சொல்லிக் கேட்போமே. எதற்கு ஒன்றை விட்டு ஒன்று?

தராசு

கேட்கலாம். ஆனால் கேட்பவருக்குக் கணக்குத் தெரியாது என்று நினைத்தால் வட்டியைக் குறைத்துக் கைதட்டு வாங்கிவிட்டு வரம்பை உறையவைத்துவிடுவார்கள். வரம்பை உறையவைப்பது சத்தமில்லாத காரியம். சம்பளமும் விலையும் ஏற ஏற, வரம்பு மட்டும் அப்படியே நின்றால், ஆண்டுதோறும் இன்னும் எளியவர் வலைக்குள் வருவார். எந்த அறிவிப்பும் தேவையில்லை.

மழைக்காடு

வரம்பைத் தாண்டிய அன்றே பெரிய தொகை பிடிப்பார்களா? நூறு கூடுதலாகச் சம்பாதித்து ஐந்நூறு கட்டும் நிலை வருமா?

நிலுவை

வரலாம், விதியை எப்படி எழுதுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஆஸ்திரேலியா நல்ல பாடம். இந்த முறையை நாடு முழுவதற்கும் 1989-லேயே கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஆனால் வெகுகாலம் அங்கே வரம்பைத் தாண்டியதும் முழுச் சம்பளத்திலும் சதவீதம் கணக்கிடப்பட்டது. 54,435 டாலர் வரம்பு இருந்த ஆண்டில் அதைத் தொட்டவர் மொத்தச் சம்பளத்தில் 1 சதவீதம், அதாவது 544 டாலர் கட்ட வேண்டும். ஒரு டாலர் குறைவாக வாங்கியவருக்கு ஒன்றுமில்லை. 2025-ல் அதை மாற்றினார்கள். முதல் ஆண்டில் வரம்பு 67,000, அதற்கு மேல் 1,25,000 வரை உள்ள ஒவ்வொரு டாலருக்கும் 15 சென்ட். இப்போது படிக்கட்டு இல்லை, சரிவுதான்.

மனுவில் ‘வரம்புக்கு மேல் உள்ள பகுதியில் மட்டும்’ என்ற சொற்கள் கட்டாயம் இருக்க வேண்டும். ‘வருமானத்தில் இத்தனை சதவீதம்’ என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பழைய ஆஸ்திரேலிய முறையைத்தான் கேட்கிறீர்கள்.

அரைக்காசு

ஆஸ்திரேலியாவில் வட்டி இல்லை என்று சொல்வார்கள். ஆனால் 2023-ல் கடன் 7 சதவீதம் ஏறியதே? அது வட்டி இல்லாமல் என்ன?

நிலுவை

பெயர் விலைவாசி ஈடு. அந்த ஆண்டு 7.1 சதவீதம். கூச்சல் எழுந்த பின், விலைவாசி உயர்வு, கூலி உயர்வு இரண்டில் எது குறைவோ அதுவே என்று சட்டம் மாற்றி, 2023-க்கும் பின்னோக்கிப் பொருத்தினார்கள். 7.1 என்பது 3.2 ஆனது. அந்த எண் பற்றிய உங்கள் கோபம் நியாயமானதுதான். கூடுதலாக ஒரு நுணுக்கம்: அங்கே ஜூன் 1-ல் ஈடு சேர்க்கப்படும். அந்த ஆண்டு முழுக்கச் சம்பளத்தில் பிடித்த தொகையோ வரிக் கணக்கு தாக்கல் செய்த பிறகுதான் கடனில் கழியும். ஆண்டெல்லாம் கட்டியவரும் கட்டாத பாக்கிக்கு ஏறிய ஈட்டையே சுமக்கிறார். பிடித்தம் எந்தத் தேதியில் கழியும் என்பதையும் எழுதிக் கேளுங்கள்.

கடலோடி

எல்லாம் சரி, சம்பளச் சீட்டு இல்லாதவர் என்ன செய்வார்? என் மாணவர்களில் பலர் பட்டம் வாங்கிவிட்டுச் சொந்தமாக வேலை செய்கிறார்கள். ஒரு மாதம் வரும், இரண்டு மாதம் வராது. இவர்களிடம் எதில் பங்கு பிடிப்பது? நான் முதலில் உதவித்தொகை என்று சொன்னதும் இதனால்தான்.

தராசு

இந்த இழையிலேயே மிகக் கடினமான கேள்வி இது. வருமானத்தோடு இணைந்த முறை ஓடுவதாக இங்கே பேசிய மூன்று நாடுகளிலும் வசூலிப்பது வங்கி அல்ல, வரித்துறை. முதலாளி வரியோடு சேர்த்துப் பிடித்துவிடுவார். சொந்தத் தொழில் செய்பவர் வரிக் கணக்கில் காட்டும் வருமானத்தில் கணக்கிடுவார்கள். வரி வலைக்கு வெளியே பெரும்பாலோர் இருக்கும் இடத்தில் இதை அப்படியே நட்டால் சம்பளக்காரர் மட்டும் கட்டுவார். கட்டாதவரின் பாக்கியை அரசு சுமக்கும், அல்லது அடுத்த தலைமுறைக் கடனாளர் சுமப்பார்.

இந்தியாவில் 2009-10 கல்வியாண்டிலிருந்து வட்டி மானியம் வந்ததற்கும் வருமானத்தோடு இணைந்த தவணை வராததற்கும் இதுவும் ஒரு காரணம் என்பது என் ஊகம். மானியத்துக்கு, குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சம் ரூபாய்க்குள் என்று ஒரு சான்றிதழ் போதும், ஒரு முறை பார்த்தால் முடிந்தது. இன்னொன்றுக்கு ஒவ்வோர் ஆண்டும் கடனாளரின் வருமானம் தெரிய வேண்டும்.

நிலுவை

வங்கிகளே இதைச் செய்யட்டும் என்று விடுவதும் சரிவராது. யேல் பல்கலைக்கழகம் 1971-ல் ஒரு சோதனை செய்தது. ஓர் ஆண்டில் கடன் வாங்கியவர்கள் எல்லோரும் ஒரு குழு. குழுவின் மொத்தக் கடனும் தீரும்வரை, அல்லது 35 ஆண்டுவரை, ஒவ்வொருவரும் வருமானத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். கட்டாதவரின் சுமை கட்டுபவர்மேல் விழுந்தது. நிறையச் சம்பாதிப்போம் என்று தெரிந்தவர்களுக்கு அதில் சேர என்ன ஆசை இருக்கும்? கடைசியில் மீதியைப் பல்கலைக்கழகமே தள்ளுபடி செய்தது. கட்ட முடியாதவரின் பாக்கியை யார் ஏற்பது என்பதை முதலிலேயே சொல்லாத திட்டம் இப்படித்தான் முடியும். ஏற்க வேண்டியது அரசு என்று மனுவில் சொல்லுங்கள், அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் ஒளிக்காதீர்கள்.

அரைக்காசு

நான் இன்னும் வட்டிப் பக்கம்தான். ஏனென்றால் நீங்கள் எல்லோரும் பேசும் முறை இங்கே இல்லை. இருப்பது நிலையான தவணை. உங்கள் கணக்கின்படியே நிலையான தவணையில் மானியம் 16.4-ஐ 13.6 ஆக்குகிறது. வராத முறையில் பயனில்லை என்பதற்காக, இருக்கும் முறையில் பயன் தருவதை ஏன் விட வேண்டும்?

நிலுவை

இது வலுவான வாதம், மறுக்க மாட்டேன். நிலையான தவணை நீடிக்கும்வரை மானியத்தை விட்டுக்கொடுக்கக் கூடாது.

செம்பருத்தி

எல்லோருக்கும் நன்றி. குழுவில் பேசியபின் முதன்மைக் கோரிக்கையை இப்படி எழுதியிருக்கிறோம்:

“நிலையான தவணைக் கல்விக் கடனில், கடனாளரின் சொந்த வருமானம் வரம்புக்குக் கீழே இருக்கும் மாதங்களில் தவணை நிறுத்தப்பட வேண்டும். வரம்புக்கு மேலே இருந்தால், மேலுள்ள பகுதியில் ஒரு குறிப்பிட்ட சதவீதத்துக்கு மிகாமல் தவணை இருக்க வேண்டும். இதனால் கட்டப்படாமல் போகும் வட்டியை அரசு ஏற்க வேண்டும். வரம்பு ஆண்டுதோறும் கூலி உயர்வுக்கு ஏற்ப உயர வேண்டும். அந்த மாதங்களைத் தவறிய தவணையாகக் கணக்கிடவோ இணைக் கடனாளரிடம் வசூலிக்கவோ கூடாது.”

படிப்புக் கால வட்டி மானியம் ஏற்கெனவே இருக்கும் இடங்களில் அது தொடர வேண்டும் என்று கடைசிப் பத்தியில் ஒரு வரி.

மழைக்காடு

கடைசி வாக்கியம் மட்டும் இருந்திருந்தால்கூட எங்கள் வீட்டுக்குப் போதுமாக இருந்திருக்கும்.

தராசு

நன்றாக வந்திருக்கிறது. மானியத்தைப் படிப்புக் காலத்திலிருந்து எடுத்து, சம்பளம் குறைந்த காலத்தில் வைத்தது சரியான நகர்வு. இரண்டு ஓட்டைகள் தெரிகின்றன. ‘எத்தனை ஆண்டில் மீதி தள்ளுபடி’ என்று சொல்லவில்லை. அது இல்லையென்றால் தவணை குறையும், கடன் முடியாது. மற்றது, வருமானத்தை யார் சான்றளிப்பது? மாதக்கணக்கில் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கடலோடியின் மாணவர்கள் ஒவ்வொரு மாதமும் ஓர் அலுவலக வாசலில் நிற்க வேண்டியிருக்கும்.

செம்பருத்தி

தள்ளுபடி 20 ஆண்டா 25 ஆண்டா என்பதில் குழுவுக்குள் இன்னும் சண்டை. சான்று பற்றி, ஆண்டுக்கு ஒரு முறை கடனாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியும் அதற்கு மேல் மாதிரிச் சோதனையும் என்று யோசிக்கிறோம். கடலோடி, உங்கள் மாணவர்களில் இரண்டு மூன்று பேரிடம் கேட்டுச் சொல்ல முடியுமா, அவர்களிடம் ஆண்டு வருமானத்தைக் காட்ட என்ன தாள் இருக்கிறது என்று?

கடலோடி

கேட்கிறேன். ஒருவரிடம் வங்கிக் கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று தெரியும். மற்றவர்கள் பெரும்பாலும் ரொக்கம்.